கோர்வைப் பக்கம் உட்கார ஒரு ஆள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தறியைப் பற்றிப் பேசுங்கள் என்று சொன்னார்கள். பட்டு நெசவின் பெருமையைப் பேச வேண்டுமானால் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் என் தங்கை வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். தங்கையிடமும் அவள் மகளிடமும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "பேர் மட்டும் வேணாம் பெரியம்மா"ன்னு சொன்னாள். அதனால் பாப்பா என்றே சொல்கிறேன். இருபத்தோரு வயசுப் பாப்பா.

தங்கை வீடு காஞ்சிபுரம் பக்கம். வீட்டில் ஒரே ஒரு குழித்தறி. தங்கை வீட்டுக்காரர் தறியில் உட்காருவார். பாப்பா பிளஸ் டூ முடித்ததிலிருந்து அவருக்குப் பக்கத்தில் கோர்வை போடுவாள். தங்கை தார் சுற்றுவாள், சமையலும் பார்ப்பாள். நெசவு தெரியாத அக்காமார்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், அதனால் கோர்வை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இருக்கும். பச்சை உடலுக்கு அரக்குக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் புடவையில் ஊடை நூல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே நாடாவில் ஓடிவிடும். அதனால் பச்சை நூல் கரைக்குள்ளும் போய் அரக்கோடு கலந்துவிடும், நிறம் மங்கும். கோர்வையில் அப்படி இல்லை. உடலுக்குத் தனி நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று நாடா. உடல் நூல் கரை ஓரம் வந்து நிற்கும், கரை நூல் அதோடு கோத்துக்கொண்டு திரும்பிப் போகும். ஒவ்வொரு இழைக்கும் இப்படி. நெய்கிறவருக்கு இருப்பது இரண்டு கைதான். அதனால் வலது பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வாங்கிப் போட வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் கோர்வை கிடையாது.

அந்தக் காலத்தில் அந்த இடத்தில் சின்னப் பிள்ளைகளைத்தான் உட்கார வைப்பார்கள். நானே உட்கார்ந்திருக்கிறேன். எட்டு வயசிலிருந்து எங்கப்பாவுக்கு வலது பக்கம். தூங்கி விழுந்தால் நாடாக் கட்டையால் முழங்கையில் ஒரு தட்டு விழும். அப்புறம் பிள்ளைகளைத் தறியிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள், நல்லதுதான் நடந்தது. ஆனால் பிள்ளை எழுந்து போன இடத்துக்கு யார் வந்து உட்கார்ந்தது? வீட்டுப் பொம்பளைங்கதான். பிள்ளைக்காவது மிட்டாய்க்குக் காசு கொடுத்தார்கள். நமக்கு அதுவும் இல்லை.

பாப்பாவோடு படித்த பெண்கள் நாலைந்து பேர் ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போகிறார்கள். வாலாஜாபாத் வழியாகக் கம்பெனி பஸ் வரும். இவளும் எங்களுக்குத் தெரியாமல் போய் இன்டர்வியூ முடித்துவிட்டு வந்துவிட்டாள். வேலைக்கு வரச் சொல்லி போன் வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள். அவள் அப்பா ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தறியிலும் உட்காரவில்லை. மூன்றாம் நாள் தங்கை எனக்குப் போன் போட்டு அழுதாள். "அக்கா, நீ வந்து சொன்னா கேப்பா, வா."

நானும் அவளைத் தடுக்கணும்னுதான் போனேன். அதை ஒளிக்க என்ன இருக்கிறது. கையில் தொழில் இருக்கும்போது ஊர் விட்டு ஊர் போய் எவனிடமோ நின்றுகொண்டே வேலை பார்ப்பானேன் என்பதுதான் என் நினைப்பு. போய் உட்கார்ந்ததும் அதைத்தான் சொன்னேன். "ஒரு புடவைக்கு ஏழாயிரம் கூலி வருது. மூணு புடவைன்னா இருபத்தோராயிரம். கம்பெனிக்காரன் உனக்கு இருபத்தோராயிரமா குடுக்கப் போறான்?"

பாப்பா எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நம்ம குழுக் கணக்கு நோட்டு மாதிரியே கோடு போட்டு எழுதியிருந்தாள். "பெரியம்மா, உங்க குழுவுல இப்படித்தானே கணக்கு எழுதுவீங்க. இதைப் பாருங்க"ன்னு என் மடியில் வைத்தாள்.

அந்தக் கணக்கை அப்படியே சொல்கிறேன். தறி வைத்திருக்கிற வீடுகள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

ஒரு பாவு ஏற்றினால் மூன்று புடவை. கூலி மூவேழு இருபத்தோராயிரம், நான் சொன்னது சரிதான். அதில் பாவு பிணைக்கிறவருக்கு, நீட்டி முறுக்குகிறவர்களுக்கு, தறிச் சில்லறைச் செலவுக்கு என்று 1,200 ரூபாய் போய்விடும். மீதி 19,800. சரி, இது எத்தனை நாளைக்கு வந்த பணம்? புடவைக்குப் பன்னிரண்டு நாள் என்றால் மூன்றுக்கு 36 நாள். அதை மட்டும்தான் நான் மனசில் வைத்திருந்தேன். அவள் நடுவில் விழுகிற நாளையும் எழுதியிருந்தாள். புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த பாவுக்குக் காத்திருந்தது ஆறு நாள், பாவைப் பிணைத்து தறியைச் சரிசெய்ய நாலு நாள். ஆக 46 நாள். 19,800-ஐ 46-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 430 ரூபாய். முப்பது நாள் மாசத்துக்கு 12,900.

இது ஒருத்தர் சம்பாத்தியம் இல்லை. அப்பா ஒரு ஆள், பாப்பா ஒரு ஆள், தார் சுற்றுகிற அம்மா அரை ஆள். ரெண்டரை ஆளுக்குப் பிரித்தால் தலைக்கு 5,160 ரூபாய். அந்த இடத்தில் ரெண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருந்தாள். கார்த்திகை மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, நூல் நமுத்துத் தறி நின்றுபோகிற நாட்களை அவள் சேர்க்கவே இல்லை. "அதையும் சேர்த்தா அப்பா அழுதுடுவாரு"ன்னாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை வருஷம் குழுவில் கணக்கு எழுதுகிறவள் நான். புடவைக் கூலியை ஆள் கணக்கில் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. "அவர் நெய்யறாரு, நாங்க கூடமாட இருக்கோம்"னுதானே நாம் எல்லாருமே சொல்கிறோம்?

அடுத்த பக்கத்தில் கம்பெனிக் கணக்கு. போனில் சொன்ன சம்பளம் 15,500. அதில் அடிப்படைச் சம்பளம் 13,000. அடிப்படையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பி.எஃப். பிடிப்பார்கள், 1,560. இ.எஸ்.ஐ. நூற்றுக்கு முக்கால் ரூபாய், 116. கைக்கு வருவது ஏறக்குறைய 13,800. பஸ் கம்பெனியுடையது. வழிச் சாப்பாடு, செருப்பு, போன் என்று 1,800 போனாலும் பன்னிரண்டாயிரம் வீட்டுக்கு நிற்கும் என்று எழுதியிருந்தாள். ரெண்டரை ஆள் சேர்ந்து சம்பாதிக்கிற பணத்துக்குக் கிட்டத்தட்ட ஒருத்தியே கொண்டுவந்துவிடுவாள்.

இங்கேதான் அவள் அப்பா முதல் தடவையாக வாய் திறந்தார். "நீ போயிட்டா தறி என்னாகும்னு அந்த நோட்டுல எழுதினியா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவள் போனால் வீட்டுக்குக் குறைவது அவள் பங்கு 5,160 மட்டும் இல்லை. வலது பக்கம் ஆள் இல்லாவிட்டால் கோர்வை நிற்கும். அவர் ஒரே நாடா ஓடுகிற புடவைக்கு மாற வேண்டும். அதற்குக் கூலி பாதிதான், 3,500. எட்டு நாளில் ஒன்று முடிக்கலாம். அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். மூன்று புடவைக்கு 10,500, செலவு போக 9,300. நெய்ய 24 நாள், நடுவில் பத்து நாள், ஆக 34 நாள். மாசத்துக்கு 8,200 வருது. அதோடு பாப்பாவின் பன்னிரண்டாயிரம் சேர்ந்தால் 20,200. அப்பவும் பழைய 12,900-ஐவிட மேலேதான்.

ஆனாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. வீம்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "அக்கா, ஒத்தை நாடாப் புடவையைப் பவர்லூம்காரன் ஒரே நாள்ல இறக்கிடுவான். என் கூலி வருஷத்துக்கு வருஷம் கீழதான் போகும். கோர்வைய மிஷின்ல அவ்வளவு லேசா பண்ண முடியாது. நாங்க இன்னும் சாப்பிடறதே அதனாலதான். அதை விட்டுட்டுப் போய் அவனோட போட்டிக்கு நிக்கச் சொல்றீங்களா?"

நெய்கிறவருக்குத்தான் இது தெரியும். பாப்பாவின் கணக்கு இந்த வருஷத்துக்குச் சரி. அவர் பார்த்தது அஞ்சு வருஷம் தள்ளி.

இன்னொரு முடிச்சும் இருந்தது. முதலாளியிடம் 45,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார்கள். என் தங்கைக்கு ஆபரேஷன் நடந்தபோது வாங்கியது. இந்த முன்பணத்துக்கு வட்டி கிடையாது, கூலியில் மாசாமாசம் பிடிப்பதும் கிடையாது. அதனால் கடன் மாதிரியே தெரியாது. ஆனால் அது நிற்கிறவரைக்கும் தறி அவருடையது. வேறு முதலாளிக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ நெய்ய முடியாது, கூலியைப் பேச முடியாது. பாவு வரத் தாமதமானால் ஏன் என்று கேட்கவும் வாய் வராது. அந்த ஆறு நாள் காத்திருப்பு இருக்கிறதே, அதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். முன்பணம் இல்லாத தறிக்குப் பாவு முதலில் போகும், ஏனென்றால் அது கைவிட்டுப் போய்விடும். கோர்வையை நிறுத்துகிறோம் என்று சொன்னால், முதலாளி அந்த 45,000-ஐ மொத்தமாகக் கேட்பார்.

அப்பா வேண்டாம் என்கிறார், மகள் போகிறேன் என்கிறாள். நடுவில் என் தங்கை தார் சுற்றிக்கொண்டே இருந்தாள். திடீரென்று ராட்டையை நிறுத்திவிட்டு, "நான் கோர்வைப் பக்கம் உட்கார்றேன்"னாள்.

அவள் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "உனக்கு எங்க வரும்?"

"சின்ன வயசுல அக்கா எழுந்து போன இடத்துல நான்தான் உட்கார்ந்தேன். கை மறக்காது."

உண்மைதான். எனக்குக் கல்யாணம் ஆனதும் எங்கப்பாவுக்கு வலது பக்கம் அவள்தான் உட்கார்ந்தாள். அதை நானே மறந்துபோயிருந்தேன்.

சரி என்று அதற்கும் கணக்குப் போட்டோம். அவள் மெதுவாகத்தான் போடுவாள். அடுப்பையும் பார்க்கணும், அதனால் புடவைக்குப் பதினைந்து நாள். தார் சுற்ற வெளியே கொடுத்தால் புடவைக்கு 300 ரூபாய். 19,800-இல் 900 போனால் 18,900. நாள் 45-உம் பத்தும் 55. மாசத்துக்கு 10,300. பாப்பாவின் பணத்தோடு 22,300. கோர்வையும் நிற்கவில்லை. தார் சுற்றக் கூலி எழுதின பிறகுதான், இத்தனை வருஷம் தங்கை சும்மா சுற்றிக்கொடுத்ததற்கு ஒரு விலை இருந்தது என்பது அந்த வீட்டு நோட்டில் முதல் தடவையாக ஏறியது.

அவள் அப்பா சம்மதம் என்று சொல்லவில்லை. "சேர்றதுன்னா காகிதத்தை ஒழுங்கா பார்த்துச் சேரட்டும்"னு சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் அவர் சம்மதம்.

காகிதம் என்றதும் எனக்கு வேலை வந்தது. சேரும் நாளில் நானும் கூடப் போனேன். கம்பெனி கேட் வரைக்கும்தான் விட்டார்கள். கொடுத்த கடிதத்தை வெளியே கொண்டுவந்து காட்டச் சொன்னேன். மேலே இருந்த பேர் கம்பெனி பேர் இல்லை, ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரர் பேர். காலம் பதினொரு மாதம். இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் கம்பெனியில் வேலை என்று ஊரில் சொல்வது வேறு, ஒப்பந்தத்தில் வேலை என்பது வேறு. பதினொரு மாதம் முடிந்து அவர்கள் கூப்பிட்டால்தான் அடுத்த பதினொரு மாதம்.

இன்னும் ரெண்டு விஷயம் பார்த்தோம். பயிற்சியாளர் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அப்ரன்டிஸ் என்று சேர்த்தால் பி.எஃப். இருக்காது. கைக்கு வரும் தொகை கொஞ்சம் கூடத் தெரியும், பெண்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். நல்லவேளை, இவளுக்குத் தொழிலாளி என்றுதான் இருந்தது. அடுத்தது, அந்த 15,500-க்குள்ளேயே ஆயிரம் ரூபாய் வருகைப் படி. மாசத்தில் ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் சம்பளத்தோடு ஆயிரமும் போய்விடும். காய்ச்சலோடு வேலைக்குப் போகிற பெண்களைப் பார்த்து முதலில் எனக்குப் புரியவில்லை. இந்த வரியைப் படித்த பிறகு புரிந்தது.

முதல் மாசச் சம்பளச் சீட்டு வந்ததும் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் அதில் இருக்கிறதா என்று பார்த்து, போனில் அந்தக் கணக்கைத் திறந்து, பிடித்த பணம் உண்மையில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். முதல் மாசம் ஏறவில்லை. அவள் மட்டும் போய்க் கேட்காமல் அதே ஒப்பந்தக்காரரிடம் இருந்த ஆறு பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டார்கள். அடுத்த மாசம் ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து ஏறியது. இ.எஸ்.ஐ. அட்டையையும் வாங்கிவிட்டாள். கல்யாணமாகி பிரசவம் வந்தால், அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் எழுபது நாளாவது சந்தா கட்டியிருந்தால் 26 வாரத்துக்குச் சம்பளம் மாதிரிப் பணம் கிடைக்கும். தறியில் நானெல்லாம் பிரசவத்துக்கு முதல் நாள்வரை உட்கார்ந்திருக்கிறேன்.

முன்பணத்துக்கு வருகிறேன். அந்த 45,000-க்கு என் தங்கை இருக்கிற குழுவில் கடன் கேட்டோம். சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. "வட்டியில்லாக் கடனை அடைக்க எவளாவது வட்டிக்குக் கடன் வாங்குவாளா?"ன்னு ஒரு அக்கா கேட்டார். வெளிப்பார்வைக்கு அது சரியாகத்தான் படும். அதற்குப் பாப்பாவின் நோட்டைத்தான் காட்டினோம். முன்பணம் இல்லாத தறிக்கு அதே தெருவில் 7,600 கூலி போய்க்கொண்டிருந்தது. இவர்களுக்கு 7,000. புடவைக்கு 600 ரூபாய் யாருக்கும் தெரியாமல் வட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. கடன் கிடைத்தது. மாசம் 3,000 அசலும் அதற்குமேல் வட்டியும் பாப்பாவின் சம்பளத்திலிருந்து கட்டினாள். பதினைந்து மாசத்தில் முடிந்தது.

குழுக் கடன் கைக்கு வந்த வாரமே முதலாளிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர் ஒன்றும் கோபப்படவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "அப்ப யாருக்கு நெய்யப் போறே?"ன்னு கேட்டார். "7,600 குடுத்தா உங்களுக்கேதான்"னு தங்கை வீட்டுக்காரர் சொன்னார். கொடுத்தார். பாவும் இப்போது மூன்று நாளில் வந்துவிடுகிறது.

எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து விடியற்காலை வந்து இறங்குகிறாள், முகம் வெளுத்திருக்கிறது. எட்டு மணிநேரம் நின்று கால் வீங்குகிறது. தங்கைக்கு இடுப்பு வலி திரும்ப வந்துவிட்டது. பதினைந்து நாளில் முடியும் என்று போட்ட புடவை சில சமயம் பதினெட்டு நாள் இழுக்கிறது.

ஒன்றில் மட்டும் தங்கையால் முடியவில்லை. முந்தி வேறு நிறமாக இருந்தால் பேட்னி போட வேண்டும். உடல் பாவின் இழையோடு முந்தி நிறத்துப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்க்கிற வேலை. கண்ணும் விரலும் சேர்ந்து போக வேண்டும். அது வரும்போது ஞாயிற்றுக்கிழமை பாப்பா தறியில் உட்காருகிறாள். அப்பாவும் மகளும் பேசிக்கொள்ள மாட்டார்கள், வேலை மட்டும் நடக்கும். போன மாசம் நான் போயிருந்தபோது மத்தியானச் சோறுகூடச் சாப்பிடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

ரெண்டாவது பதினொரு மாதம் வருகிற தையில் முடிகிறது. திரும்பக் கூப்பிடுவார்களா என்று தெரியாது. "கூப்பிட்டா போவியா?"ன்னு கேட்டேன். இழையைக் கையில் பிடித்தபடியே சொன்னாள்: "இப்ப கடன் இல்ல, கூலி வேற மாறியிருக்கு. அதனால பழைய கணக்கு செல்லாது பெரியம்மா. தை பொறக்கட்டும், புதுசாப் போட்டுப் பார்க்கறேன்."

நோட்டில் மீதிப் பக்கம் இருக்கிறது என்று அவள் அப்பா சொன்னார்.